எண் மாறியது, அலர்ட் மாறவில்லை: வங்கிக்கு என்ன எழுதுவது?

"வங்கியில் கொடுத்திருந்த மொபைல் எண்ணை இரண்டு மாதம் முன்பு கிளைக்கே போய் மாற்றினேன். ஓடிபி எல்லாம் புது எண்ணுக்குத்தான் வருகிறது. ஆனால் பணம் எடுத்தாலோ போட்டாலோ வரும் எஸ்எம்எஸ் மட்டும் வருவதே இல்லை. கிளையில் கேட்டால் 'சிஸ்டத்தில் உங்கள் எண் சரியாகத்தான் இருக்கிறது' என்கிறார்கள். இதற்குக் கடிதம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். என்ன எழுதுவது?"

கிளையில் இருப்பவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவர் எதிரே உள்ள திரையில் உங்கள் புது எண் இருக்கும். அலர்ட் அனுப்புகிற இடம் அந்தத் திரையைப் பார்த்து அனுப்புவதில்லை என்பதுதான் சிக்கல். வங்கிக் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். "எண்ணை மாற்றினேன், மெசேஜ் வரவில்லை" என்று வந்து நின்றவர்களை ஆரம்பத்தில் நானும் இதே பதிலைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த திரை அது ஒன்றுதான்.

வங்கியில் நம் மொபைல் எண் ஒரே இடத்தில் எழுதியிருப்பதாக நினைக்கிறோம். அப்படி இல்லை. உங்களுக்கென்று ஒரு கஸ்டமர் ஐடி இருக்கிறது, சில வங்கிகளில் சிஐஎஃப் எண் என்பார்கள். பெயர், முகவரி, பான், மொபைல் எண் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கணக்குகள் அதன் கீழே தொங்கும். கிளையில் விண்ணப்பம் கொடுத்தீர்களே, அப்போது மாறியது கஸ்டமர் ஐடியில் உள்ள எண். எஸ்எம்எஸ் அலர்ட் பல வங்கிகளில் ஒரு தனிச் சேவை. இந்தக் கணக்கில் வரவு செலவு நடந்தால் இந்த எண்ணுக்கு மெசேஜ் போக வேண்டும் என்று அதற்குத் தனியாக ஒரு பதிவு உண்டு. கணக்கு தொடங்கியபோது ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள், அன்று போட்ட பதிவு அது. கஸ்டமர் ஐடியில் எண் மாறினால் இதுவும் கூடவே மாற வேண்டும். பெரும்பாலும் மாறிவிடும். மாறாமல் நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எந்தத் திரையிலும் சிவப்பாக எதுவும் காட்டாது. பழைய எண்ணுக்கு மெசேஜ் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும்.

உங்களுக்கு ஓடிபி வருகிறது என்பது இங்கே நல்ல தடயம். உங்கள் போன், சிம், நெட்வொர்க் எல்லாம் சரியாக இருக்கின்றன, வங்கி அனுப்பும் மெசேஜ் உங்களை எட்டுகிறது, கஸ்டமர் ஐடியில் புது எண் ஏறியிருக்கிறது என்று மூன்றையும் அது ஒரே அடியில் காட்டிவிடுகிறது. மிச்சம் இருப்பது அலர்ட் பதிவுதான். ஓடிபியும் வரவில்லை என்று சொல்லியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதனால் கடிதத்தில் "என் மொபைல் எண்ணை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாதிப் பேர் இதைத்தான் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் நடப்பது இதுதான்: ஊழியர் கஸ்டமர் ஐடியைத் திறப்பார், புது எண்ணைப் பார்ப்பார், "ஏற்கெனவே மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதி உங்கள் கோரிக்கையை முடித்துவிடுவார். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். நீங்கள் கேட்க வேண்டியது எண் மாற்றம் இல்லை. அலர்ட் பதிவு எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து, கணக்குவாரியாக அதைப் புது எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே உங்கள் கோரிக்கை.

கடிதம் எழுதுமுன் அரை மணி நேரம் செலவழித்து இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடிதத்தோடு போய் நிற்கும்போது நம் பக்கமே ஓட்டை இருக்கும்.

முதலாவது, போன். மெசேஜ் செயலியில் ஸ்பாம் என்றும் பிளாக் செய்தவை என்றும் தனி இடங்கள் இருக்கும், திறந்து பாருங்கள். ஒரே வங்கி பல அனுப்புநர் பெயர்களில் மெசேஜ் அனுப்பும். ஓடிபி ஒரு பெயரில் வரும், வரவு செலவு இன்னொரு பெயரில் வரும், கடன் வாங்கச் சொல்லும் விளம்பரம் மூன்றாவது பெயரில் வரும். விளம்பரத் தொல்லை தாங்காமல் என்றோ ஒரு நாள் கோபத்தில் பிளாக் அடித்ததில் அலர்ட் வரும் பெயரும் சிக்கியிருக்கலாம். இந்தியாவில் இப்போது அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்து வருகிறது. -P என்று முடிந்தால் விளம்பரம். வங்கி அலர்ட்டும் ஓடிபியும் -S, -T என்று முடியும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டியதில்லை, அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்துத் திறந்தால் போதும். "நீங்கள் டிஎன்டி போட்டிருப்பீர்கள் சார், அதனால்தான் வரவில்லை" என்று கிளையில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொல்லை அழைப்புகளைத் தடுக்கும் அந்தப் பதிவு விளம்பரத்துக்கானது, கணக்கில் நடக்கும் வரவு செலவுத் தகவலை அது நிறுத்தாது.

இரண்டாவது, நீங்கள் எதை வைத்துச் சோதித்தீர்கள் என்பது. நிறையப் பேர் வீட்டில் உள்ள இன்னொருவருக்கு யூபிஐயில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டு "மெசேஜ் வரவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். சில வங்கிகள் சின்னத் தொகை யூபிஐக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதையே நிறுத்திவிட்டன. ஒரு ரூபாய் சோதனையில் மெசேஜ் வராததற்கு எந்தப் பொருளும் இல்லை. ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுத்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கதை உறுதி. துண்டுச் சீட்டு வருமே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி, நேரம், தொகை மூன்றும் அதில் அச்சாகியிருக்கும், கடிதத்துக்கு அதுதான் முதுகெலும்பு.

நெட்பேங்கிங் இருந்தால் அதில் அலர்ட் என்று ஒரு பக்கம் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். சில வங்கிகளில் கணக்கு வாரியாக எந்த எண்ணுக்கு அலர்ட் போகிறது என்பதை அங்கேயே பார்க்கலாம், மாற்றலாம். அது இருந்தால் கடிதமே வேண்டாம், ஐந்து நிமிட வேலை.

இனி ஒரு உண்மை நிகழ்வு. என் பெரியப்பா ஓய்வூதியக்காரர். பழைய சிம் நிறுவனத்தில் சிக்னல் சரியில்லை என்று எண்ணையே மாற்றிவிட்டார். அதே எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, சரி, அது போகட்டும். கிளைக்குப் போய்ப் படிவம் கொடுத்தார், மாற்றினார்கள். உங்களுக்கு நடந்ததேதான் அவருக்கும் நடந்தது. ஓடிபி வந்தது, அலர்ட் வரவில்லை. மூன்று முறை கிளைக்கு நடந்தார். மூன்று முறையும் திரையை அவர் பக்கம் திருப்பியே காட்டினார்கள்: "பாருங்க ஐயா, உங்க நம்பர்தானே இது?" அவரும் "ஆமாம்" என்று வந்துவிட்டார். எண் அவருடையதுதானே, மறுத்து என்ன சொல்வார்?

நான் போனபோது முதலில் பாஸ்புக்கைக் கேட்டேன். பதிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பதிந்துகொண்டு வந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்ததில் காலாண்டுக்கு ஒருமுறை ரூ. 17.70 கழிந்திருந்தது. எதிரே SMS CHRG என்று இருந்தது. 15 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 2.70. எண் மாறிய பிறகும் இரண்டு தடவை கழித்திருந்தார்கள். இந்த ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. அலர்ட் சேவை நின்றுபோயிருந்தால் கட்டணமும் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். கட்டணம் ஓடுகிறதென்றால் மெசேஜும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நான்காவது முறை வாயால் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்தோம். அதில் "அலர்ட் வரவில்லை" என்று பொதுவாக எழுதாமல், குறிப்பிட்ட ஒரு நாள் காலை 10.40 மணிக்கு ஏடிஎம்மில் எடுத்த 5,000 ரூபாய்க்கான எஸ்எம்எஸ் எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று தெரிவிக்கும்படி கேட்டோம். இந்தக் கேள்விக்குத் திரையைத் திருப்பிக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. கிளையில் அந்தத் தகவலே இருக்காது. தலைமை அலுவலகத்தில் மெசேஜ் அனுப்பும் பிரிவுக்குத்தான் அனுப்பியாக வேண்டும். அங்கே திறந்து பார்த்தவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது: மெசேஜ் போயிருந்தது, பழைய எண்ணுக்கு. ஒரு வாரம் கழித்து வந்த பதிலில் அந்தப் பழைய எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் போட்டு, "பதிவு திருத்தப்பட்டது" என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலையே முதல் அலர்ட் வந்தது.

இதோடு கதை முடியவில்லை. பெரியம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு ஒன்று உண்டு, அதற்கு மட்டும் இன்னும் வரவில்லை. காரணம் வேறு. அந்தக் கணக்கில் முதல் பெயர் பெரியம்மா. அவருக்குத் தனி கஸ்டமர் ஐடி. கணக்கு தொடங்கிய நாளில் வீட்டில் இருந்தது ஒரே போன் என்பதால் அவருடைய ஐடியிலும் பெரியப்பாவின் பழைய எண்ணைத்தான் எழுதியிருந்தார்கள். பெரியப்பா தன் எண்ணை மாற்றினால் தன் ஐடியில்தான் மாறும். பெரியம்மா கையெழுத்துப் போட்டுத் தனியாகப் படிவம் கொடுத்த பிறகுதான் அது சரியானது. உங்கள் வீட்டிலும் கூட்டுக் கணக்கு இருந்தால் முதல் பெயர் யாருடையது என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல ஒருவருக்கே ஒரே வங்கியில் இரண்டு கஸ்டமர் ஐடி இருப்பதும் நடக்கிற விஷயம். இருபது வருடம் முன்பு ஒரு கிளையில் ஒரு கணக்கு, பிறகு சம்பளத்துக்காக வேறு கிளையில் இன்னொரு கணக்கு என்று தொடங்கியிருந்தால், இரண்டு பாஸ்புக்கிலும் உள்ள ஐடி ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வெவ்வேறாக இருந்தால் இரண்டையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம். இடையில் விட்டிருப்பதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, புது மொபைல் எண், மின்னஞ்சல்)

பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)

பொருள்: பதிவு செய்த மொபைல் எண் மாற்றப்பட்ட பிறகு எஸ்எம்எஸ் அலர்ட் வராதது குறித்து.

ஐயா / அம்மையீர்,

தங்கள் கிளையில் எனக்கு ........ எண் கொண்ட சேமிப்புக் கணக்கு உள்ளது. என் கஸ்டமர் ஐடி ........ . கடந்த ........ தேதி என் மொபைல் எண்ணை மாற்ற விண்ணப்பித்தேன். அது தங்கள் பதிவில் மாற்றப்பட்டுவிட்டது. புது எண்ணுக்கு ஓடிபி தவறாமல் வருகிறது.

ஆனால் அன்று முதல் இந்தக் கணக்கின் வரவு செலவு குறித்த எஸ்எம்எஸ் அலர்ட் எதுவும் புது எண்ணுக்கு வரவில்லை. எடுத்துக்காட்டாகக் கீழ்க்காணும் மூன்றுக்கும் அலர்ட் வரவில்லை:

........ தேதி, காலை ........ மணி, ஏடிஎம்மில் எடுத்தது, ரூ. ........
........ தேதி, மாலை ........ மணி, டெபிட் கார்டில் கடையில் செலுத்தியது, ரூ. ........
........ தேதி, கணக்கில் வரவு, ரூ. ........

எனவே, இந்தக் கணக்குக்கான எஸ்எம்எஸ் அலர்ட் பதிவு தற்போது எந்த எண்ணில் உள்ளது என்று சரிபார்த்து, அதை என் புது எண்ணுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். டெபிட் கார்டுக்கான அலர்ட்டும் இதில் அடங்கும். பழைய எண் இப்போது என் பயன்பாட்டில் இல்லை. அது என் கணக்கு, கார்டு, நெட்பேங்கிங், அலர்ட் ஆகிய எந்தப் பதிவில் இருந்தாலும் நீக்கிவிடுமாறு வேண்டுகிறேன்.

மேலே குறிப்பிட்ட மூன்றுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பப்பட்டதா, எந்த எண்ணுக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்ற விவரத்தைத் தெரிவிக்குமாறும், அலர்ட் வராத காலத்தில் கழிக்கப்பட்ட எஸ்எம்எஸ் கட்டணம் ரூ. ........ ஐத் திரும்ப வரவு வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தம் செய்த தேதியை எழுத்து மூலம் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன் / நன்றியுடையவளாவேன்.

(கையெழுத்து, பெயர், தேதி)

இணைப்பு: எண் மாற்றியதற்கான ரசீதின் நகல், ஏடிஎம் சீட்டின் நகல், பாஸ்புக் பக்கத்தின் நகல்.

இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் எத்தனையோ கடிதங்களைக் கவுன்டரில் வாங்கியிருக்கிறேன். "தங்கள் வங்கியின் அலட்சியத்தால் நான் அடைந்த மன உளைச்சல்" என்று தொடங்கும் மூன்று பக்கக் கடிதத்தில், கணக்கு எண்ணைத் தேடிப் பிடிக்கவே எனக்கு நேரமாகும். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தை வாங்கும் ஊழியர் அதைக் கணினியில் உள்ள புகார்ப் பகுதியில் நான்கு வரியாகத் தட்டச்சு செய்துதான் மேலே அனுப்புவார். அந்த நான்கு வரியில் எது போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து எழுதிக் கொடுத்தால் வேலை ஒழுங்காக நடக்கும்.

கடிதத்தின் முதல் பத்தியில் "எண் மாறிவிட்டது, ஓடிபி வருகிறது" என்று நாமே சொல்லிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். திரையைத் திருப்பிக் காட்டும் பதிலுக்கு அதோடு கதவு மூடிவிடுகிறது. வரவு ஒன்றையும் கார்டுச் செலவு ஒன்றையும் எடுத்துக்காட்டில் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. சில வங்கிகளில் கார்டுச் செலவுக்கான மெசேஜ் கார்டுப் பிரிவின் பதிவிலிருந்து போகும், கணக்கு வரவு வேறு பதிவிலிருந்து போகும். ஒன்றை மட்டும் எழுதினால் ஒன்று மட்டும் சரியாகும். பிறகு இன்னொரு கடிதம், இன்னொரு வரிசை. உங்களிடம் அந்த வங்கியின் கிரெடிட் கார்டும் இருந்தால், அது பெரும்பாலும் முற்றிலும் தனிப் பிரிவு. அதற்குத் தனியாகக் கார்டு சேவை மையத்தில் சொல்லுங்கள்.

எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று, அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை வரையறுத்து ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர்களை எஸ்எம்எஸ் அலர்ட்டுக்குக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்ல வேண்டும், எஸ்எம்எஸ் கட்டாயம் அனுப்ப வேண்டும், மெசேஜ் சேர்ந்த தேதியையும் நேரத்தையும் வங்கியின் அமைப்பு பதிந்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில்தான் சொன்னார்கள். ஆக, நீங்கள் கேட்பது வங்கி வைத்திருக்க வேண்டிய பதிவைத்தான்.

அந்தச் சுற்றறிக்கையில் உங்களுக்கு வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. வங்கியின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்றது அது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் ஆகிவிட்டால் ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு என்றது. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அந்த உச்சவரம்பை 10,000 ரூபாய் என்று அது வைத்தது. கவனியுங்கள், நாள் எண்ணத் தொடங்குவது பணம் போன தேதியிலிருந்து இல்லை, வங்கியின் தகவல் உங்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து. தகவலே கிடைக்காத உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கே இங்கேதான் வரும். "நாங்கள் எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டோம்" என்று வங்கி சொல்லும், "எனக்கு வரவில்லை" என்று நீங்கள் சொல்வீர்கள். அப்போது, அலர்ட் வரவில்லை என்று நீங்கள் முன்பே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிய கடிதம் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். கவுன்டரில் மூன்று முறை வாயால் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லிப் பணம் போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு பேசாது, வங்கியிடம் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு உங்களுடையதுதான்.

இதனால்தான் கடிதத்தை எழுதி முடித்ததும் உடனே ஓடாமல், அலர்ட் வராத இரண்டு மாதத்துக்குமான ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரிக்கு வரி பாருங்கள் என்று சொல்வேன். உங்களுக்குத் தெரியாத பற்று ஒன்று இருந்தாலும், அது சிறு தொகையானாலும், கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்குங்கள். மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணிலும் உடனே சொல்லிவிடுங்கள். அலர்ட் பஞ்சாயத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பழைய எண்ணை நீக்கச் சொல்லும் வரியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நான் அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். நீங்கள் விட்டுவிட்ட எண் என்றென்றைக்கும் சும்மா கிடக்காது. இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாட்கள் வரை அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அதன் பிறகு புது வாடிக்கையாளருக்குப் போகலாம். அன்றிலிருந்து உங்கள் கணக்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் மணியடிக்கும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். எண் துண்டிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள், அதிகம் தாமதிக்க நேரமில்லை. பழைய சிம் இன்னும் உயிரோடு உங்களிடம் இருந்தால் இன்னும் நல்லது. அதை ஒரு பழைய போனில் போட்டு வைத்துவிட்டு ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுங்கள். அலர்ட் அதில் வந்து விழுந்தால் வேறு ஆதாரமே வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். எல்லாம் சரியாகும் வரை அந்தச் சிம்மை ரீசார்ஜ் செய்து கையிலேயே வைத்திருங்கள்.

கடிதத்தை இரண்டு நகலாகக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் கிளை முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றையும் வாங்குங்கள். "புகார் எண் ஏதாவது தருவீர்களா?" என்றும் கேளுங்கள். கணினியில் ஏற்றினால் எண் வரும். ஏற்றாமல் மேசை டிராயரில் வைத்தால் வராது. முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், அதே கடிதத்தை வங்கியின் இணையதளத்தில் உள்ள குறைதீர் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அல்லது பதிவுத் தபாலில் போடுங்கள். மின்னஞ்சல் என்றால் கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். அந்த முகவரியை வங்கியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் "கஸ்டமர் கேர்" என்று தேடிக் கிடைத்த எண்ணை அழைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். அலர்ட்டைச் சரி செய்து தருகிறேன் என்று போனில் யார் ஓடிபி கேட்டாலும் அவர் வங்கி ஆள் இல்லை. அலர்ட் பதிவைத் திருத்த வங்கிக்குள் இருப்பவருக்கு உங்கள் ஓடிபியை நீங்கள் வாயால் சொல்ல வேண்டிய தேவையே கிடையாது.

பத்து நாள் பொறுத்துப் பாருங்கள். பதில் இல்லை என்றால் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு வங்கியின் அடுத்த நிலை அதிகாரிக்கு இரண்டு வரி எழுதினால் போதும், புதிதாகக் கதை சொல்ல வேண்டாம். நீங்கள் முதலில் கொடுத்த தேதியிலிருந்து 30 நாளாகியும் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் நீங்களே பதியலாம், கட்டணம் இல்லை. முத்திரை வாங்கிய நகலை அங்கே இணைக்கச் சொல்லுவார்கள். நேரடியாக அங்கே போனால் "முதலில் வங்கியிடம் கேளுங்கள்" என்று திருப்பிவிடுவார்கள், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம். இந்த மாதிரி அலர்ட் சமாசாரம் அந்த அளவுக்குப் போவது அபூர்வம் என்பது என் அனுபவம். சரியான கேள்வி சரியான மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் திருத்துவது சில நிமிட வேலைதான்.

சரி செய்துவிட்டோம் என்று பதில் வந்ததும் நம்பிவிடாமல் மறுபடி சோதியுங்கள். ஏடிஎம்மில் கொஞ்சம் எடுங்கள், கடையில் கார்டைத் தேய்த்து ஒன்று வாங்குங்கள், வேறு கணக்கிலிருந்து ஒரு 1,000 ரூபாய் உள்ளே அனுப்பிப் பாருங்கள். மூன்றுக்கும் மெசேஜ் வந்தால் வேலை முடிந்தது. ஒன்றுக்கு மட்டும் வரவில்லை என்றால், எதற்கு வரவில்லை என்பதை வைத்தே எந்தப் பதிவு விட்டுப்போனது என்று சொல்லிவிடலாம். பெரியப்பாவுக்கு அப்படித்தான் கூட்டுக் கணக்கு பிடிபட்டது. அவருக்கு அந்த 35 ரூபாய் 40 காசும் திரும்ப வந்தது. வரவு வைத்ததற்கு வந்த அலர்ட்டை வெகுநாள் அழிக்காமல் வைத்திருந்தார்.